பாப்பாவுக்கு ஆஃப் கிடையாது

என் மகளின் சாயங்காலங்களை எடுத்துக்கொண்டுதான் நான் இத்தனை வருடம் உத்தியோகம் பார்த்தேன். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்தப் பேச்சை ஆரம்பித்தாலே 'எங்க காலத்துல அப்படித்தான்', 'பெரியவங்க சொன்னாங்க', 'நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போற பொண்ணு' என்று நாக்கு தானாக ஒரு சந்து பார்த்து நுழைந்துவிடும். எனக்கும் பல வருடம் அப்படித்தான் நுழைந்தது.

மதுரைக்குப் பக்கத்து ஊர் எங்களுக்கு. நான் நர்ஸ். சில வருடங்களாக வார்டு இன்சார்ஜ். மாதாமாதம் டியூட்டி லிஸ்ட் போடுவது என் வேலை. அந்த லிஸ்ட்டில் நியாயம் பிசகினால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நைட் முடித்தவளுக்கு மறுநாள் ஆஃப் விட்டாக வேண்டும். போன தீபாவளிக்கு டியூட்டி பார்த்தவளை இந்தத் தீபாவளிக்குப் போடக்கூடாது. 'அவ அமைதியான பொண்ணு, ஒண்ணும் சொல்ல மாட்டா' என்று ஒருத்தி தலையிலேயே கட்டினால், அவள் சொல்லாவிட்டாலும் மற்றவர்கள் சொல்வார்கள். புதிதாக வந்த ஒருத்திக்கு டிரிப் போடக் கை வரவில்லை என்றால், 'உனக்கு வராது, நீ போய் உட்காரு' என்று யாரும் சொல்வதில்லை. கை வரும்வரை ஒரு சீனியரோடு சேர்த்துப் போடுவோம். இவ்வளவும் தெரிந்த நான், வீட்டில் போட்ட லிஸ்ட்டில் பாப்பாவுக்கு ஆஃபே கிடையாது. தம்பிக்கு டியூட்டியே கிடையாது.

பாப்பா என்பது மூத்தவள், தம்பி அவளுக்கு மூன்று வயது இளையவன். எங்கள் வீட்டில் இன்றைக்கும் இரண்டு பேருக்கும் அதுதான் கூப்பிடு பெயர்.

இது எனக்கு உறைத்தது அவள் போட்ட சண்டையால் அல்ல. அவள் சண்டை போட்டதே இல்லை. சென்னையில் எம்.ஏ. பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தவள் லீவுக்கு வந்தபோது கையில் ஒரு படிவம் கொண்டுவந்தாள். மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019ஆம் ஆண்டு முழுக்க நாடெங்கும் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. யார் எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு, யார் எந்த நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று கேட்ட கணக்கெடுப்பு. நேற்று விடியற்காலை 4 மணியிலிருந்து இன்று விடியற்காலை 4 மணி வரை, 24 மணி நேரத்தையும் அரை மணி அரை மணியாகக் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன செய்தீர்கள் என்று எழுதிக்கொள்வார்கள். ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லோரிடமும் கேட்டிருக்கிறார்கள். அந்த முறையில் ஐந்தாறு வீடுகளை எடுத்து எழுத வேண்டும் என்பது அவளுடைய புராஜெக்ட். 'நம்ம வீட்லயே ஆரம்பிக்கிறேம்மா' என்றாள்.

அந்தக் கணக்கெடுப்பில் கிடைத்த எண்ணையும் அவள்தான் சொன்னாள். நூறு பெண்களில் 81 பேர் அன்றைக்குச் சம்பளமில்லாத வீட்டு வேலை ஏதாவது செய்திருந்தார்கள். ஆண்களில் 26 பேர். செய்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தாலும், ஒரு பெண்ணுக்குச் சராசரி 299 நிமிடம், ஒரு ஆணுக்கு 97 நிமிடம். விபத்தில் இறந்த இல்லத்தரசிக்கு இழப்பீடு கணக்கிடும் வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றமே இந்த எண்களை எடுத்துச் சொல்லியிருக்கிறது என்றாள். எனக்கு ஆச்சரியமில்லை. ஊர் உலகத்தைப் பற்றிய எண் யாருக்கும் வலிக்காது. 'ஆம்பளைங்க எங்க செய்றாங்க' என்று என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன்.

பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். நான், அவர், அப்பத்தா, தம்பி. கடைசியில் தனக்கும் தானே எழுதிக்கொண்டாள். நேற்றைய பொழுதுதான். புதிதாக எதையும் கிளறவில்லை. இருந்தாலும் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது எனக்கு முகம் சுண்டிவிட்டது. எனக்கு நாலரை மணி நேரம். லீவுக்கு வந்திருந்த அவளுக்கு நாலு மணி நேரம். அவருக்கு அரை மணி. தம்பிக்கு ஒரே ஒரு கட்டம்: தயிர் வாங்கக் கடைக்குப் போனது. அதிலும் பாதி நேரம் டீக்கடையில் சிநேகிதர்களோடு நின்றது. அதை அவனே சிரித்துக்கொண்டு சொல்லி எழுத வைத்தான்.

அதையும்விட என்னை நிறுத்தியது அந்தப் படிவத்தின் ஒரு விதி. ஒரு அரை மணிக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட வேலை செய்திருந்தால் மூன்று வேலை வரைக்கும் எழுதலாம். ஆனால் ஒவ்வொன்றும் பத்து நிமிடமாவது செய்திருக்க வேண்டும். பாப்பா சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை 'படிப்பு' என்று எழுதியிருந்தாள். நான் அவளை அந்த இரண்டு மணி நேரத்தில் எத்தனை தடவை எழுப்பியிருப்பேன் என்று எனக்குத்தான் தெரியும். பால் பொங்குதா பாரு. குக்கர் மூணு விசில் வந்ததும் அணைச்சிரு. அப்பத்தாவுக்கு மாத்திரை எடுத்துக் குடு. மொட்டை மாடித் துணியை எடுத்துட்டு வந்திரு, மேகம் மூடுது. எல்லாமே ரெண்டு நிமிடம், நாலு நிமிடம். எதுவும் பத்து நிமிடத்தைத் தொடாது. அதனால் எதுவும் கணக்கில் ஏறாது. தாளில் பார்த்தால் அவளும் தம்பியும் ஒரே மாதிரி இரண்டு மணி நேரம் படித்திருக்கிறார்கள்.

அவன் படித்தது முழு இரண்டு மணி நேரம். கதவைச் சாத்திக்கொண்டு. தண்ணீர் செம்பைக்கூட உள்ளே கொண்டுபோய் வைத்தது நான்தான்.

அதனால் இதை நிமிடக் கணக்காக மட்டும் பேச எனக்கு இஷ்டமில்லை. நிமிடத்தை வேண்டுமானால் சமமாகப் பிரித்துவிடலாம். தம்பிக்கென்று ஒதுக்கிய வேலைகளைப் பாருங்கள்: கேஸ் சிலிண்டரைத் தூக்கி உள்ளே வைப்பது, ரேஷன் கடை, கரண்ட் பில் கட்டுவது, தண்ணீர் கேன், வண்டிக்கு பெட்ரோல். 'அவனும்தானே வெளி வேலையெல்லாம் பார்க்கிறான்' என்று நான் சொல்வதற்கு இந்தப் பட்டியல் எப்போதும் தயாராக இருந்தது. ஆனால் சிலிண்டர் எங்கள் வீட்டில் மாதத்துக்கு ஒன்று. ரேஷன் மாதம் ஒரு நடை. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் இப்போது போனில் கட்டியாகிறது. அவனுடைய பட்டியல் தானாகவே வருடா வருடம் சுருங்கிக்கொண்டு வந்தது. சுருங்கிய இடத்தில் வேறு எதையும் நான் வைக்கவில்லை. அந்த வேலைகளுக்கு இன்னொரு குணமும் உண்டு. இன்றைக்கு முடியாவிட்டால் நாளைக்குச் செய்யலாம். செய்து முடித்தால் நாலு பேர் பார்ப்பார்கள். கடைக்குப் போனால் மீதிச் சில்லறை அவனுக்கு. பாத்திரம் துலக்கினால் யாருக்கும் மீதிச் சில்லறை கிடைப்பதில்லை. ராத்திரி சிங்க்கில் கிடக்கிற பாத்திரத்துக்கு 'நாளைக்கு' என்ற நாளும் கிடையாது.

ஒரே ஒரு வேலையை எடுத்து விரித்துச் சொல்கிறேன். மாவு ஆட்டுவது.

'கிரைண்டர்தானே ஆட்டுது, நீயா ஆட்டுற?' என்று வீட்டில் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள், நான் உட்பட. அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் வாக்கப்பட்ட அப்பத்தா கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. எனக்கு அந்த நியாயமும் கிடையாது. எங்கள் வீட்டுக் கணக்கு நாலு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் முழு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். அரிசி நாலு மணி நேரமாவது ஊற வேண்டும். உளுந்துக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. ஆக, சாயங்காலம் ஐந்துக்கு ஆட்ட வேண்டுமென்றால் மத்தியானம் ஒரு மணிக்கே யாருக்காவது ஞாபகம் வர வேண்டும். பள்ளிக்கூட நாளில் காலையிலேயே ஊறப்போட்டுவிட்டுப் போயாக வேண்டும். முதலில் உளுந்து. ஒரேயடியாகத் தண்ணீர் விட்டால் பொங்காது. கை கையாகத் தெளித்துக்கொண்டு, ஓரத்தில் ஏறுவதை வழித்து உள்ளே தள்ளிக்கொண்டு, அரை மணி பக்கத்திலேயே இருக்க வேண்டும். கிள்ளி ஒரு சொட்டுத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும், அதுதான் பதம். அதை வழித்து எடுத்துவிட்டு அரிசி. அது நைஸாகிவிடவும் கூடாது, லேசாக நறநறவென்று இருக்க வேண்டும். பிறகு உப்புப் போட்டு, கையால் கலந்து, பாத்திரத்தில் பாதிக்கு மேல் போகாமல் ஊற்றி வைக்க வேண்டும், புளித்துப் பொங்குவதற்கு இடம் விட்டு. அதோடு முடியாது. மாவு காய்வதற்குள் கல்லைக் கழற்றிக் கழுவ வேண்டும். காய்ந்துவிட்டால் சுரண்டத்தான் வேண்டும். மேடையில் தெறித்ததைத் துடைத்து, வழித்த கரண்டி, ஊறிய பாத்திரம் எல்லாம் கழுவி நிமிர்ந்தால் ஏழு மணி. மார்கழியானால் ராத்திரி எழுந்து மாவு பொங்கியிருக்கிறதா என்று பார்த்து, பாத்திரத்தை அடுப்பு மேடை ஓரம் நகர்த்துகிற வேலையும் உண்டு.

இதில் கை செய்யும் வேலை என்று பார்த்தால் ஒரு மணி நேரம்கூட இருக்காது. ஆனால் ஆளைக் கட்டிப்போடும் நேரம் காலையிலிருந்து ராத்திரி வரை. நடுவில் ஒரு இடத்துக்குப் போக முடியாது. போனாலும் மனசு அரிசியிலேயே கிடக்கும்.

வாரத்துக்கு இரண்டு தடவை இந்தக் கயிற்றில் பாப்பாவைத்தான் கட்டினேன், அவள் எட்டாம் வகுப்பு படித்த காலத்திலிருந்து. எனக்கு ஈவினிங் டியூட்டி வரும் வாரங்களில் வார்டிலிருந்து போன் போடுவேன். நாலு வார்த்தைதான். 'அரிசி ஊறிருச்சா? உளுந்து போட்டியா? தண்ணி ஜாஸ்தி விட்றாத. கல்லைக் கழுவிரு.' பக்கத்தில் நிற்கும் நர்ஸ் பிள்ளைகள், 'சிஸ்டர் பொண்ணு எவ்ளோ பொறுப்பு' என்பார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும். அந்த நேரத்தில் அதே வீட்டில் இன்னொரு பிள்ளையும் இருக்கிறான் என்பது அவர்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அவனுக்கு போன் போட்டால், 'சாப்டியாப்பா?' என்றுதான் கேட்பேன்.

பாப்பா அந்த வருடங்களில் வாலிபால் விளையாடினாள். பள்ளிக்கூட டீமில் இருந்தாள். பிராக்டிஸ் பள்ளி விட்டபிறகு, ஆறு மணி வரைக்கும். ஒன்பதாம் வகுப்பில் நிறுத்திவிட்டாள். ஏன் நிறுத்தினாள் என்று கேட்டவர்களிடமெல்லாம் 'அவளுக்கு இண்ட்ரஸ்ட் போயிருச்சு' என்று சொன்னேன். அது பொய். வாரத்தில் இரண்டு நாள் மாவு, மற்ற நாள் அப்பத்தாவுக்குக் காபி, விளக்கேற்றுவதற்கு முன்னால் வாசல் கூட்டுவது, ராத்திரிச் சமையலுக்குக் காய் நறுக்குவது எல்லாம் நாலரைக்கும் ஆறரைக்கும் நடுவில்தான் இருந்தன. 'ரெண்டு நாள் மட்டும் போறேம்மா' என்று கேட்டாள். 'போனா யாரு பாக்குறது?' என்று நான் கேட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஒருவன் அப்போது கிரவுண்டில் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தான். ஏழு மணிக்கு வருவான். ஏன் லேட் என்று அவனை யாரும் கேட்டதில்லை. இருட்டுவதற்குள் வீட்டுக்கு வர வேண்டும் என்ற சட்டம் அவளுக்கு மட்டும் என்பதால், வெளியே போகிற வேலைகள் அவனுக்கு, உள்ளே இருக்கிற வேலைகள் அவளுக்கு என்று பிரித்ததற்கு அதுவே காரணமாகவும் ஆகிவிட்டது. வீட்டுக்குள் இருக்கிறாளே, செய்யட்டும் என்று. அவளை உள்ளே வைத்ததும் நாங்களேதான்.

அவளுடைய மார்க் குறைந்தது என்று சொன்னால் இந்தக் கதைக்குப் பொருத்தமாக இருக்கும். குறையவில்லை. பிளஸ் டூவில் தம்பியைவிட நல்ல மார்க்தான் எடுத்தாள். அதை நான் எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன். 'வேலையும் செஞ்சா, படிக்கவும் செஞ்சா, என்ன கெட்டுப்போச்சு?' என்று அப்பத்தாவிடமே கேட்டிருக்கிறேன். மூன்று வருடம் கழித்து அவன் பிளஸ் டூ வந்தபோது வீட்டில் டி.வி. ஓடவில்லை, விருந்தாளிகள் வரவில்லை. நான் ஒரு மாதம் மெடிக்கல் லீவு போட்டேன். அவளுடைய பரீட்சைக்கு நான் லீவு போட்டது நினைவில்லை. கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள்கூட அவள் மாவு ஆட்டினாள் என்பது நினைவிருக்கிறது. ஒரு கையில் புத்தகம், ஒரு கையில் கரண்டி. அதைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன்.

ஏன் இப்படிச் செய்தேன் என்று யோசித்தால், கைவசம் இருக்கும் பதில்கள் எதுவும் பொருந்தவில்லை. புகுந்த வீட்டில் பேர் வாங்க வேண்டும் என்று பழக்கினேன் என்பது ஒரு பதில். மாவு ஆட்டப் பழகுவதற்கு நாலு தடவை போதும். ஐந்து வருடம் வேண்டியதில்லை. மாமியாருக்குப் பயந்தேன் என்பது இன்னொன்று. அப்பத்தா எதிலும் விட்டுக்கொடுக்காதவர்தான். 'ஆம்பளப் புள்ளைய அடுப்படியில விடாத' என்று சொன்னவர்தான். ஆனால் நான் வேலைக்குப் போகக் கூடாது என்றும் அவர் சொன்னார். அதைக் கேட்காத நான் இதை மட்டும் கேட்டேன். வீட்டுக்காரர் கை வைக்காததால் வந்தது என்று சொல்லலாம். ஓரளவு உண்மை. ஆனால் பிள்ளைகளுக்கு வேலை ஏவியது அவரல்ல. என் குரல்தான்.

உண்மை இதுதான். வேலைக்கும் போய் வீட்டையும் தாங்க எனக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. சொன்னதும் செய்கிற, ஒரு தடவை காட்டினால் பிடித்துக்கொள்கிற, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாத ஆள். பாப்பா அப்படி இருந்தாள். தம்பியிடம் ஒன்றைச் சொன்னால் மூன்று தடவை சொல்ல வேண்டும், செய்ததைத் திரும்பச் செய்ய வேண்டும். டியூட்டி முடிந்து வந்த அலுப்பில் அதற்கு எனக்குத் தெம்பில்லை. எது எனக்குச் சுலபமோ அதைச் செய்தேன். 'அவனுக்கு வராது' என்று நான் சொன்ன எல்லா வேலையும், நான் உட்கார்ந்து அவனுக்குக் கற்றுக்கொடுக்காத வேலைதான். அவள் முதன்முதலில் ஆட்டிய மாவும் தண்ணீராகத்தான் இருந்தது. அவளைத் திட்டினேன், மறுபடி செய்ய வைத்தேன், கற்றுக்கொண்டாள். அவன் ஒரு தடவை பருப்பைத் தீய விட்டான். சிரித்தோம், அத்தோடு அடுப்படியிலிருந்து ரிலீவ் ஆகிவிட்டான். சொதப்பினால் தப்பித்துவிடலாம் என்பதை அவனுக்குக் கற்றுக்கொடுத்ததும், நன்றாகச் செய்தால் கூடுதலாகத் தலையில் விழும் என்பதை அவளுக்குக் கற்றுக்கொடுத்ததும் நான்தான்.

எங்கள் சொத்து என்று இருப்பது இந்த வீடும் ஒரு சின்ன மனையும். இரண்டு பேருக்கும் சரிபாதி என்று எழுதி வைத்திருக்கிறோம். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று 1989லேயே சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. மத்தியச் சட்டம் வர 2005 ஆயிற்று. அதைப் பேசும்போதெல்லாம் எங்களுக்கு ஒரு கர்வம் இருக்கும், நாங்கள் பெண் பிள்ளையைக் குறைத்துப் பார்க்காதவர்கள் என்று. வீட்டில் சரிபாதி அவளுக்கு உண்டு. அந்த வீட்டைக் கூட்டுவதில் சரிபாதி அவனுக்கு உண்டு என்று எழுத எந்தப் பத்திரப் பதிவு அலுவலகமும் இல்லாததால் வசதியாகப் போயிற்று.

அந்தப் படிவத்துக்குப் பிறகு வீட்டுக்கும் ஒரு லிஸ்ட் போட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போடுகிற அதே மாதிரி கட்டம், நாலு பெயர். பாப்பா சென்னைக்குத் திரும்பிவிட்டதால் அவள் பெயர் லீவு நாட்களுக்கு மட்டும். நைட் முடித்து வரும் நாளில் எனக்கு ஆஃப். அப்பத்தாவுக்குக் கீரை ஆய்வது, பூண்டு உரிப்பது. அவர் அதைக் கௌரவமாகவே எடுத்துக்கொண்டார். தன் பெயரும் போட்டிருக்கிறதா என்று கண்ணாடி போட்டுப் பார்த்தார். வீட்டுக்காரருக்குக் காலைச் சாப்பாட்டுப் பாத்திரமும் துணி மடிப்பதும். தம்பிக்கு ராத்திரிப் பாத்திரமும் வாரத்துக்கு இரண்டு தடவை மாவும். ஊறப்போடுவதிலிருந்து கல்லைக் கழுவுவது வரை, ஞாபகம் வைத்துக்கொள்வதும் சேர்த்து, முழுசாக அவனுடையது. ஞாபகப்படுத்தக் கூடாது என்பதை எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி என்று வைத்துக்கொள்ளுங்கள். யாராவது ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தால், பாதி வேலையை அந்த ஆள்தான் செய்துகொண்டிருக்கிறார்.

அந்த விதியை நான் இரண்டாவது வாரமே மீறினேன். காலேஜ் போகும்போது அவன் அரிசி ஊறப்போடவில்லை. சாயங்காலம் வந்தும் ஞாபகமில்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்ததை மட்டும் மெச்சிக்கொள்ளலாம். ஏழு மணிக்குத் தெருமுனைக் கடைக்குப் போய் ஒரு கிலோ பாக்கெட் மாவு வாங்கிவந்து, அதே பாத்திரத்தில் ஊற்றி, ஒன்றும் நடக்காத மாதிரி மூடி வைத்தேன். காலையில் அவன் இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனான். மறந்துபோனது அவனுக்கே தெரியவில்லை. மாவு எங்கிருந்து வந்தது என்று கேட்கவும் இல்லை. அன்றைக்கு வார்டில் உட்கார்ந்திருந்தபோது இன்னொரு ராத்திரி நினைவுக்கு வந்தது. பத்தாம் வகுப்பில் பாப்பா ஒரு தடவை இதே மாதிரி மறந்திருந்தாள். ஒன்பதரைக்கு வந்து பார்த்த நான், வெந்நீர் ஊற்றி ஊறவைத்து, பதினொன்றரை மணிக்கு அவளை எழுப்பி ஆட்ட வைத்தேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு தண்ணீர் தெளித்தாள். அப்போதும் தெருமுனையில் அந்தக் கடை இருந்தது. பாக்கெட் மாவும் விற்றார்கள்.

இரண்டு பேரும் செய்தது ஒரே தப்பு. ஒருத்தியைத் தூக்கத்திலிருந்து எழுப்பினேன், ஒருவனுக்குத் தப்பே தெரியாமல் மறைத்தேன். யாருக்கு எத்தனை நிமிட வேலை என்பதைவிட இதுதான் எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது. லிஸ்ட்டைச் சமமாகப் போட்டுவிட்டு, மறந்தால் என்ன என்பதில் இரண்டு சட்டம் வைத்திருந்தால், அந்த லிஸ்ட் சுவரில் தொங்குகிற காகிதம்தான்.

அவனிடம் சொன்னேன், மாவு வாங்கி ஊற்றியதை. கொஞ்சம் கோபப்பட்டான், 'சொல்லியிருக்கலாம்லம்மா' என்று. சொல்ல மாட்டேன் என்றேன். அதற்கடுத்து ஒரு தடவை மறந்தபோது நான் அசையவில்லை. காலையில் இட்லி இல்லை. நாலு பேரும் பிரட் தின்றோம். அப்பத்தாவுக்குப் பிரட் பிடிக்காது. பசியோடு உட்கார்ந்துகொண்டு என்னைத்தான் திட்டினார், பேரனை அல்ல. வயசானவரைப் பட்டினி போட்டா பிள்ளைக்குப் பாடம் நடத்துவது என்று வீட்டுக்காரரும் கேட்டார். நியாயமான கேள்விதான், எனக்கும் பதில் தெரியவில்லை. அப்பத்தாவுக்கு மட்டும் கஞ்சி வைத்தேன். யாருடைய டியூட்டியிலும் இல்லாத கஞ்சி அது. இப்போது தம்பி போனில் அலாரம் வைத்திருக்கிறான். அவன் ஆட்டும் மாவு என்னுடையதைவிட நைஸாக வருகிறது. இட்லி கொஞ்சம் கல்லாக இருக்கும், தோசைக்குச் சரியாக இருக்கும். எடுத்து மறுபடி ஓட்டலாமா என்று கை துறுதுறுக்கும்.

சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. பண்டிகை வந்தால் லிஸ்ட் காற்றில் பறக்கிறது. நாலு உறவுக்காரர்கள் வந்துவிட்டால், தம்பி காபி டம்ளர்களைக் கழுவ எழுந்தால், 'ஏம்ப்பா நீ...' என்று ஒரு அத்தையோ சித்தியோ அவன் கையிலிருந்து பிடுங்குவார்கள். நானும் பார்த்துக்கொண்டு நிற்பேன். நாலு பேருக்கு முன்னால் மகன் பாத்திரம் கழுவுவது எனக்கு இன்னமும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும். மகள் கழுவுவதைப் பார்த்து ஒரு நாளும் எனக்கு அப்படி இருந்ததில்லை.

போன பொங்கலுக்கு பாப்பா வந்திருந்தபோது வாலிபால் விஷயத்தைச் சொன்னேன். 'உனக்கு ஆசை போயிருச்சுன்னு நான்தான் எல்லார்ட்டயும் சொன்னேன், பி.டி. டீச்சர்ட்டயும்' என்று. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவளுக்கு ஆஃப். சொன்னால் கேட்கிறாளா? 'தெரியும்மா. டீச்சர் அப்பவே என்கிட்ட கேட்டாங்க' என்றாள். நீ என்ன சொன்னாய் என்றேன். 'ஆமா டீச்சர்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்றது?' என்று சொல்லிவிட்டு, அடுக்களையில் கிரைண்டர் நின்ற சத்தம் கேட்டு எழுந்தாள். 'தம்பி உப்புப் போட்டானான்னு பாத்துட்டு வர்றேன்.'

கையைப் பிடித்து உட்கார வைத்தேன். 'கேக்காத. அது அவன் வேலை' என்றேன்.

அவன் போடவில்லை. மறுநாள் தோசை சப்பென்று இருந்தது. சட்னியில் கொஞ்சம் உப்பைக் கூட்டிச் சரிக்கட்டினோம். சட்னி அன்றைக்கு வீட்டுக்காரருடைய முறை. முதல் தடவை என்பதால் அதில் காரம் தூக்கல்.